ரெண்டரை மாச ஊசி விட்டுப்போச்சா? தடுப்பூசி அட்டையைப் படிக்கும் முறை

அரசு மருத்துவமனையில் பிரசவம் ஆனால் கையில் கிடைப்பது தாய் சேய் அட்டை. தனியார் மருத்துவமனையில் கொடுப்பது சின்னப் புத்தகம் மாதிரி இருக்கும். இரண்டிலும் தடுப்பூசிப் பக்கத்தின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். இடது ஓரத்தில் வயது, அதை ஒட்டி ஊசியின் பெயர், பிறகு தேதிக்கான கட்டங்கள். பெற்றோர் பெரும்பாலும் இடது ஓரத்தில் இருக்கும் வயதைத்தான் பார்க்கிறார்கள். விவரம் தெரிந்த செவிலியர் முதலில் பார்ப்பது வலப்பக்கம் கையால் எழுதிய தேதிகளை. ஒரு தவணை விட்டுப்போனால் அடுத்து என்ன செய்வது என்பதை அந்தத் தேதிகள்தான் சொல்லும்.

வடசென்னையின் கொருக்குப்பேட்டையிலோ காசிமேட்டிலோ பேச்சு வழக்கில் "ஒன்றரை மாச ஊசி, ரெண்டரை மாச ஊசி, மூன்றரை மாச ஊசி" என்பார்கள். அட்டைக் கணக்கில் அவை 6, 10, 14 வாரங்கள். அதாவது பிறந்த நாளிலிருந்து 42, 70, 98 நாட்கள். ஒன்றரை மாதம் என்று 45 நாள் எண்ணினால் மூன்று நாள் கூடும், அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. கவனிக்க வேண்டியது வேறு. முதல் ஊசியே தள்ளிப்போய்விட்டால் அடுத்த ஊசியின் நாளைப் பிறந்த தேதியிலிருந்து எண்ணக் கூடாது. முதல் ஊசி உண்மையில் போட்ட தேதியிலிருந்து எண்ண வேண்டும்.

எந்த வரியில் என்ன இருக்கும்

பிறந்தவுடன் மூன்று: காசநோய்க்கான பிசிஜி, வாயில் விடும் போலியோ சொட்டு மருந்தின் பூஜ்ய தவணை, மஞ்சள் காமாலைக்கான ஹெபடைடிஸ் பி. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற மகப்பேறு மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கு வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்பே இவற்றைப் போட்டு எழுதியிருப்பார்கள். அங்கிருக்கும்போதே அட்டையைத் திறந்து மூன்று கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பிறகு போய்க் கேட்டு வாங்குவது அலைச்சல்.

அடுத்த மூன்று வரிகள்தான் மொத்தக் குழப்பத்துக்கும் இடம். 6, 10, 14 என மூன்று வாரங்களிலும் ஐந்து நோய்களைத் தடுக்கும் பெண்டா ஊசி, போலியோ சொட்டு, வயிற்றுப்போக்குக்கான ரோட்டா சொட்டு ஆகிய மூன்றும் உண்டு. நிமோனியாவுக்கான பிசிவி ஊசியும், தோலுக்குள் மிகக் கொஞ்சமாகப் போடும் போலியோ ஊசியும் 6-வது வாரத்திலும் 14-வது வாரத்திலும் மட்டுமே. 10-வது வாரத்தில் இல்லை. அதனால் 10 வார வரியில் அந்த இரண்டு கட்டமும் காலியாகவோ கோடு போட்டோ இருந்தால் பதற வேண்டாம். அங்கே போட வேண்டியது எதுவும் இல்லை.

எழுத்து புரியாதபோது இதே வித்தியாசம் கைகொடுக்கும். பெண்டாவை இடது தொடையிலும், பிசிவியை வலது தொடையிலும், போலியோ ஊசியை வலது மேல் கையிலும் போடுவது அரசு நிலையங்களின் நடைமுறை. ஆகவே "ரெண்டு தொடையிலும் குத்தி, கையிலயும் ஒண்ணு போட்டாங்க" என்று பாட்டி சொன்னால் அது ஆறாவது வார ஊசி அல்லது பதினான்காவது வார ஊசி. "ஒரு தொடையில மட்டும்தான்" என்றால் அது பத்தாவது வாரம். இது ஆவணம் ஆகாது. ஆனால் மங்கிப்போன எழுத்தைப் படிக்கும்போது எந்த வரி என்று கண்டுபிடிக்க உதவும்.

அதற்குப் பிறகு 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை, ரூபெல்லாவுக்கான எம்ஆர் முதல் தவணை, பிசிவி பூஸ்டர், போலியோ ஊசியின் மூன்றாவது தவணை, வைட்டமின் ஏ திரவம். இந்த மூன்றாவது போலியோ ஊசி 2023 ஜனவரியில்தான் அட்டவணையில் சேர்ந்தது. பழைய அட்டையில் அதற்குக் கட்டம் இல்லாவிட்டால் ஓரத்தில் எழுதியிருப்பார்கள். 16 முதல் 24 மாதத்துக்குள் எம்ஆர் இரண்டாவது தவணை, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி மூன்றுக்குமான டிபிடி பூஸ்டர், போலியோ சொட்டு பூஸ்டர். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசிக்கும் ஒரு வரி அச்சாகியிருக்கலாம். அது மாவட்டத்தைப் பொறுத்தது. காலியாக இருந்தால் உங்கள் பகுதிக்கு உண்டா என்று நிலையத்தில் கேளுங்கள்.

ஒரு அட்டையைத் தேதி தேதியாகப் பார்ப்போம்

கொருக்குப்பேட்டைக் குழந்தை ஒன்று 8.3.2025, சனிக்கிழமை பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். பிறந்தவுடன் போட வேண்டிய மூன்றும் போட்டாயிற்று. 6 வாரம் நிறைவது 19.4.2025, அதுவும் சனிக்கிழமை. நம் ஊர் சுகாதார நிலையங்களில் தடுப்பூசி நாள் புதன்கிழமை என்பதால் 23.4.2025 அன்று ஐந்து மருந்துகளும் கொடுக்கப்பட்டன. இங்கேயே நான்கு நாள் தள்ளிவிட்டது. அடுத்த ஊசி நாளைக் குறிக்கும்போது செவிலியர் 23.4-லிருந்து 28 நாள் எண்ணி, 21.5.2025 என்று பென்சிலில் எழுதுகிறார்.

மே மாதம் மூத்த பிள்ளைக்குப் பள்ளி விடுமுறை. அம்மா பொன்னேரியில் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். திரும்பிய வாரம் குழந்தைக்குச் சளி, அதனால் இன்னும் தள்ளிப்போனது. கடைசியில் 9.7.2025 புதனன்று நிலையத்துக்கு வருகிறார். குழந்தைக்கு அன்று 123 நாள். அதாவது 17 வாரம் தாண்டிவிட்டது. அட்டையில் 10 வார வரி காலி, 14 வார வரியும் காலி.

இங்கே இரண்டு தவறான முடிவுகள் சுலபமாக வரும். ஒன்று, "இவ்வளவு நாள் ஆச்சு, முதல்லேர்ந்து போடணும்" என்பது. வேண்டியதில்லை. ஏற்கெனவே போட்ட முதல் தவணை செல்லும். இடைவெளி நீண்டதால் அந்தத் தவணை வீணாவதில்லை, தொடரை மறுபடி தொடங்கும் வேலையும் இல்லை. இன்னொன்று, "குழந்தைக்கு 14 வாரம் தாண்டிடுச்சு, அதனால இது மூணாவது ஊசி" என்பது. இதுதான் ஆபத்தான தவறு.

சரியான கணக்கு இப்படி. பெண்டா, போலியோ சொட்டு, ரோட்டா மூன்றுக்கும் தவணைகளுக்கு நடுவே குறைந்தது நான்கு வாரம் வேண்டும். 23.4-லிருந்து 9.7 வரை 77 நாள் ஆகிவிட்டது. எனவே இன்று இரண்டாவது தவணை. பிசிவிக்கும் போலியோ ஊசிக்கும் முதல் இரண்டு தவணைகளுக்கு நடுவே எட்டு வாரம் வேண்டும். 77 நாள் என்றால் 11 வாரம், அதுவும் தாண்டிவிட்டது. ஆகவே அவற்றின் இரண்டாவது தவணையையும் இன்றே போடலாம். ஒரே நாளில் ஐந்தும் கொடுப்பதில் தடை ஏதும் இல்லை. இனி பாக்கி இருப்பது பெண்டா, போலியோ சொட்டு, ரோட்டாவின் மூன்றாவது தவணை மட்டும். 9.7-லிருந்து 28 நாள் எண்ணினால் 6.8.2025, புதன்கிழமை. அதோடு அந்தத் தொடர் முடிந்தது.

இப்போது எண்ணிப் பாருங்கள். ஒழுங்காக வந்திருந்தால் ஏப்ரல் 23, மே 21, ஜூன் 18 என்று மூன்று முறை வந்திருப்பார்கள். தவறவிட்ட பிறகும் ஏப்ரல் 23, ஜூலை 9, ஆகஸ்ட் 6 என்று அதே மூன்று முறைதான். குழந்தைக்கு ஒரு குத்துகூடக் கூடுதலாக விழவில்லை. நஷ்டம் நாளில்தான். ஜூன் 18-ல் முடிய வேண்டிய தொடர் 49 நாள் தள்ளி முடிகிறது. இரண்டாவது தவணை வர வேண்டிய மே 21-லிருந்து ஜூலை 9 வரை, அதே 49 நாள், பெண்டாவின் ஒரே ஒரு தவணையோடு குழந்தை இருந்திருக்கிறது. பெண்டா தடுக்கும் ஐந்து நோய்களில் கக்குவான் இருமல் கைக்குழந்தையைத்தான் கடுமையாகத் தாக்கும். முதல் ஆறு மாதத்துக்குள் வந்தால் மூச்சே நின்றுபோகும் அளவுக்குப் போகலாம். முதல் தவணை மட்டும் அதற்குப் போதுமான காப்பு ஆகாது. "கொஞ்சம் லேட்டானா என்ன" என்று கேட்பவர்களுக்குப் பதில் அந்த 49 நாளில் இருக்கிறது.

9 மாத ஊசிக்கு இந்தத் தாமதத்தால் பாதிப்பு இல்லை. 8.12.2025 திங்களன்று 9 மாதம் நிறைகிறது, 10.12.2025 புதனன்று போடலாம். இங்கு மட்டும் வயதைக் கறாராகப் பார்க்க வேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் குழந்தையின் உடலில் இருக்கும்வரை அது எம்ஆர் மருந்தை வேலை செய்யவிடாமல் அடக்கிவிடக்கூடும். அதனால் 9 மாதம் நிறையும் முன் போட்ட எம்ஆர் முதல் தவணையாகக் கணக்கில் சேராது. டிபிடி பூஸ்டருக்குப் பெண்டா மூன்றாவது தவணையிலிருந்து ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். நம் குழந்தைக்கு அது 2026 பிப்ரவரியிலேயே நிறைவாகிவிடும். 16 மாதம் முடிவது ஜூலையில் என்பதால் பூஸ்டர் நேரத்துக்குப் போடலாம்.

தவறான கட்டத்தில் விழுந்த தேதி

அதே 9.7.2025-க்குத் திரும்புவோம். அன்று கூட்டம் அதிகம். குழந்தையின் வயதைப் பார்த்துவிட்டு, போட்ட பெண்டாவின் தேதியை 14 வார வரியில் எழுதிவிட்டார்கள் என்று வையுங்கள். ஊசி சரியாகத்தான் போட்டார்கள், எழுதிய கட்டம்தான் தப்பு. ஆகஸ்டில் வேறொரு செவிலியர் பார்க்கும்போது மூன்றாவது கட்டம் நிரம்பியிருப்பதைக் கண்டு "பெண்டா முடிஞ்சுதும்மா, இனிமே ஒன்பதாம் மாசம் வாங்க" என்று அனுப்பிவிட்டால் போயிற்று. குழந்தைக்குப் பெண்டா இரண்டு தவணையோடு நின்றுவிடும். அட்டையைப் புரட்டுகிற எல்லாருக்கும் அது முழுமையானதாகவே தோன்றும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, கட்டத்தின் பெயரை நம்பாமல் தேதிகளை எண்ணுவது. பெண்டாவுக்கு எத்தனை வெவ்வேறு தேதிகள் இருக்கின்றன? மூன்று இருக்க வேண்டும். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே 28 நாள் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால், எந்தக் கட்டத்தில் எழுதியிருந்தாலும் தொடர் முடிந்தது. நடுவே 28 நாளுக்குக் குறைவாக இருந்தால் அந்தத் தவணை செல்லுமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

அடுத்து வரச் சொல்லி எழுதும் தேதியும் இதே குழப்பத்தை உண்டாக்கும். "வர வேண்டிய தேதி" பென்சிலிலும் "போட்ட தேதி" பேனாவிலும் இருப்பது நல்ல பழக்கம், ஆனால் எல்லா இடத்திலும் அப்படி எழுதுவதில்லை. பேனாவில் எழுதிய வருகைத் தேதியைப் போட்ட தேதியாகப் படித்துவிடுவது அடிக்கடி நடக்கும். கையெழுத்தோ முத்திரையோ இல்லாத தேதியைப் பார்த்தால் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

போலியோ முகாம் சொட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. முகாம் நாளில் பூத்தில் விடும் சொட்டு கூடுதல் பாதுகாப்பு. அட்டையில் இருக்கும் தவணைக்கு அது ஈடாகாது. "முகாமில் விட்டாச்சே" என்று அட்டைத் தவணையை விட்டுவிடாதீர்கள்.

பேட்ச் எண் எதற்கு

தனியார் அட்டையில் ஊசிக்குப் பக்கத்தில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். மருந்துக் குப்பியின் அல்லது சிரிஞ்சின் மேல் இருந்ததை உரித்து ஒட்டியது அது. அதில் மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதி மாதம் மூன்றும் இருக்கும். அரசு நிலையங்களில் ஒரே குப்பியிலிருந்து பல குழந்தைகளுக்குப் போடுவதால் உரித்து ஒட்ட ஸ்டிக்கர் இருக்காது. அட்டையில் தேதி மட்டும் இருந்து, பேட்ச் எண் நிலையத்தின் பதிவில் இருக்கலாம். வேண்டுமென்றால் போடும்போதே குப்பியின் லேபிளைக் காட்டச் சொல்லிப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

பேட்ச் என்பது ஒரே சமயத்தில் தயாரித்து நிரப்பிய மருந்தின் தொகுதி. எழுத்தும் எண்ணும் கலந்து இருக்கும். ஊசிக்குப் பிறகு வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்தால், அதே தொகுதி வேறு எங்கெல்லாம் போனது, அங்கே குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள் என்று தேடுவதற்கு இந்த எண்தான் வழி. எண் இல்லாவிட்டால் விசாரணை முதல் படியிலேயே தடுமாறும். பிசிஜி, எம்ஆர் இரண்டும் பொடியாக வரும். கரைக்கும் திரவம் தனிக் குப்பி, அதற்குத் தனி பேட்ச் எண். பதிவில் இரண்டு எண் இருந்தால் அதனால்தான். இந்த இரண்டையும் கரைத்த நான்கு மணி நேரத்துக்குப் பிறகு மீதியைத் தூக்கிப்போட்டுவிட வேண்டும். ஆகவே மதியம் தாண்டிப் போய் "குப்பி திறந்துதானே இருக்கு, போடுங்க" என்று வற்புறுத்தாதீர்கள். மறுப்பவர் சரியாகத்தான் செய்கிறார்.

பேட்ச் வரிசையைப் படிக்கும்போது மூன்றைப் பாருங்கள். காலாவதி மாதம் போட்ட தேதிக்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். 08/2025 என்று இருந்தால் ஆகஸ்ட் மாதக் கடைசி வரை செல்லும். ஒரே ஊசியின் இரண்டு தவணைக்கு ஒரே பேட்ச் வருவது சாதாரணம், அதே இருப்பிலிருந்து போட்டிருப்பார்கள். ஆனால் பெண்டாவுக்கும் பிசிவிக்கும் ஒரே பேட்ச் எண் எழுதியிருந்தால், மேல் வரியைப் பார்த்துக் கீழே நகல் எடுத்துவிட்டார்கள் என்று பொருள். திருத்தச் சொல்லுங்கள்.

தனியாரில் தொடங்கிப் பிறகு மாநகராட்சி நிலையத்துக்கு வருபவர்களுக்குப் பேட்ச்சைவிட அந்த ஸ்டிக்கரில் இருக்கும் பெயர் முக்கியம். "ஆறு நோய் ஊசி" ஒன்று போட்டிருந்தால் அதற்குள் பெண்டாவும் போலியோ ஊசியும் சேர்ந்தே இருக்கின்றன. அரசு அட்டையில் அதை எழுதும்போது இரண்டு வரியிலும் தேதி போட வேண்டும், இல்லையென்றால் போலியோ ஊசி போடாத மாதிரி தெரியும். ரோட்டாவில் ரோட்டாரிக்ஸ் என்றால் மொத்தம் இரண்டு தவணை. ரோட்டாவேக், ரோட்டாசில் என்றால் மூன்று. முதலில் கொடுத்தது எது என்றே தெரியாவிட்டால் மூன்று தவணையாகக் கணக்கிடுவார்கள். நிலையம் மாறும்போது பழைய அட்டையைத் தூக்கிப் போடாமல் இரண்டையும் சேர்த்தே எடுத்துப் போங்கள்.

எது திரும்பக் கிடைக்காது

பெரும்பாலான தவணைகளைப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். சிலவற்றுக்கு மட்டும் கதவு மூடிவிடும். ஹெபடைடிஸ் பி பிறப்புத் தவணையை 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். தாயிடமிருந்து பரவுவதைத் தடுப்பதுதான் அதன் வேலை. போலியோ பூஜ்ய தவணைக்கு 15 நாள். தவறினால் அந்தக் கட்டங்கள் காலியாகவே இருக்கட்டும், 6-வது வாரத்திலிருந்து வழக்கம்போல் தொடரலாம். பிசிஜியை ஒரு வயது வரை போடலாம். போட்ட இடத்தில் தழும்பு வராவிட்டாலும் மறுபடி போடத் தேவையில்லை.

ரோட்டா, பெண்டா, பிசிவி மூன்றையும் ஒரு வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கிவிட்டால் பிறகு முடித்துக்கொள்ளலாம். ஒரு வயது தாண்டியும் பெண்டாவே தொடங்காத குழந்தைக்கு அரசு நிலையத்தில் டிபிடி போடுவார்கள், ஏழு வயது வரை. எம்ஆரை ஐந்து வயது வரை போட்டுக்கொள்ளலாம், இரண்டு தவணைக்கும் நடுவே குறைந்தது நான்கு வாரம் விட்டு.

தவணை தவறுவதற்கு அதிகம் கேட்கும் காரணம் சளி. லேசான சளி, இருமல், சாதாரணக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு எதுவும் ஊசியைத் தள்ளிப்போடக் காரணம் இல்லை. குழந்தையைக் கூட்டிக்கொண்டு போங்கள், போடலாமா வேண்டாமா என்று அங்கே பார்த்துச் சொல்லட்டும். ஆனால் முந்தைய ஊசிக்குப் பிறகு வலிப்பு வந்தது, மூச்சுத் திணறியது, மயங்கியது என்றால் அதை அடுத்த ஊசிக்கு முன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அட்டையில் அந்த ஊசியின் தேதிக்குப் பக்கத்திலேயே எழுதியும் வாங்குங்கள்.

அட்டையே தொலைந்துவிட்டால் பிரசவம் நடந்த மருத்துவமனைப் பதிவு, ஊசி போட்ட நிலையத்தின் பதிவேடு, அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான யூ-வின்னில் கொடுத்த கைபேசி எண் ஆகியவற்றை வைத்துத் தேடலாம். தாய்க்குக் கர்ப்ப காலத்தில் கொடுத்த ஆர்சிஎச் எண் இருந்தால் தேடல் சுருங்கும். எங்கேயும் கிடைக்காத தவணையைப் போடாததாக வைத்துத்தான் தொடர்வார்கள். தடுப்பூசி பக்கத்தை ஒவ்வொரு முறை ஊசி போட்ட பிறகும் போட்டோ எடுத்து வீட்டில் இரண்டு பேர் போனில் வைத்திருந்தால், அட்டை மழையில் நனைந்தாலும் தேதிகள் தங்கும்.